மனை வீடியோவில் டேப் பிடியுங்கள்

முதல்முறையாக மனை வாங்குபவர், நீங்கள் விற்பனைக்காக எடுத்த வீடியோவை ரசிக்க உட்காருவதில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார், ஓரங்களைப் பார்ப்பார், வெட்டு விழுந்த இடத்தில் என்ன விட்டுப்போனது என்று யோசிப்பார். அவர் மனதில் இருப்பவை நான்கே கேள்விகள்: பாதை உண்டா, கல் இருக்கிறதா, தண்ணீர் நிற்குமா, பேப்பர் சரியா. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு லேஅவுட்டில் 30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி மனை ஒன்றுக்கு வீடியோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நுழைவு வளைவும் ட்ரோன் காட்சியும் பின்னணி இசையும் இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

பாதையிலிருந்து தொடங்குங்கள். நெடுஞ்சாலையில் திரும்பும் இடத்திலிருந்து மனை வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நீளமாக இருந்தால் வேகத்தைக் கூட்டிக் காட்டலாம். நடுவில் வெட்டினால்தான் சந்தேகம் வரும். வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா, ஊருக்குள் சாலை எங்கே குறுகுகிறது, கடைசி 200 மீட்டர் பஞ்சாயத்துச் சாலையா அல்லது யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் வழியாகப் போகும் வண்டித்தடமா என்பதெல்லாம் அந்த ஓட்டத்தில்தான் தெரியும். “பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிடம்” என்பதற்குப் பதிலாக, எத்தனை கிலோமீட்டர் என்று வண்டி மீட்டரைக் காட்டுங்கள்.

ஃபோனில் 0.5x வைத்து எடுக்காதீர்கள். அந்த அகல லென்ஸில் 23 அடி சாலை 40 அடி போலத் தெரியும். நேரில் வந்து பார்ப்பவர் சாலையில் ஏமாந்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். 1x-இல் எடுத்து, சாலைக்குக் குறுக்கே டேப் பிடித்து அளவைப் படித்துக் காட்டினால் போதும்.

மனைக்கு வந்ததும் நான்கு மூலைக் கற்களையும் அருகில் போய்க் காட்டுங்கள். புல் மூடியிருந்தால் முதலில் வெட்டச் சொல்லுங்கள். பிறகு நான்கு பக்கத்தையும் அளந்துவிட்டு, பலரும் விட்டுவிடும் ஒன்றைச் செய்யுங்கள்: இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். 30க்கு 40 மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டும் 50 அடி வரும். ஒன்று 45, மற்றது 54½ என்று வந்தால், பக்க அளவுகள் சரியாக இருந்தாலும் மனை சாய்ந்திருக்கிறது. பரப்பும் ஏறக்குறைய 1,176 சதுர அடிதான். 24 சதுர அடி குறைவது ஒருபுறம் இருக்க, வீட்டுப் பிளானைச் சாய்ந்த மனையில் உட்கார வைக்கும்போது ஓரங்கள் வீணாகும். அளவு பிசகியிருந்தால் வீடியோவை நிறுத்திவிட்டு சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தரைமட்டம். இதைத்தான் வீடியோக்கள் அதிகம் மறைக்கின்றன. பெரும்பாலும் தெரியாமலே மறைக்கின்றன, ஏனென்றால் மேலிருந்து எடுத்த காட்சியில் பள்ளம் தட்டையாகிவிடும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, சாலை ஓரத்திலிருந்து மனையைப் பாருங்கள். சாலை மட்டத்துக்கு ஒரு நூல் கட்டி, மனைக்குள் ஒரு அளவுகோலை நிறுத்தினால் எத்தனை அடி பள்ளம் என்று தெரிந்துவிடும். 2 அடி பள்ளம் என்றால் 2,400 கன அடி, அதாவது 24 யூனிட் மண். கெட்டித்தால் மண் அமுங்கும் என்பதால் அதற்கும் மேலேயே வாங்க வேண்டிவரும். வாங்குபவர் பட்ஜெட்டில் இந்தச் செலவு இருக்காது. பத்திரப் பதிவு முடிந்தபின் தெரிந்தால் அது அவருக்குப் பெரிய அடி. ட்ரோனுக்கு இங்கே ஒரே ஒரு வேலை உண்டு: பக்கத்தில் ஏரி, வாய்க்கால், உயர் அழுத்த மின்கம்பி, கல்குவாரி எங்கே இருக்கின்றன என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது.

பேப்பர்களைக் கையில் விசிறிக் காட்டுவதால் பயனில்லை. கிராமப் பெயர், உட்பிரிவுடன் சர்வே எண், மனை எண், டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் பத்து வினாடி நிறுத்துங்கள். பதிவு பெற்ற திட்டத்தின் விளம்பரத்தில் ரெரா எண்ணும் அந்த ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த எண்களை வைத்து வாங்குபவர் rera.tn.gov.in-இல் திட்டத்தையும், tnreginet.gov.in-இல் வில்லங்கத்தையும், eservices.tn.gov.in-இல் பட்டாவையும் தானே பார்த்துக்கொள்வார். நில உரிமையாளரின் ஆதார், கையெழுத்து, ஃபோன் எண் மட்டும் திரையில் வரக்கூடாது.

பேசும்போது “இருக்கிறது”, “வரும்” இரண்டையும் கலக்காதீர்கள். ஒப்புதல் வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடம் இன்று காலி நிலமாக இருந்தால், காலி நிலத்தையே காட்டி, வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சுட்டுங்கள். விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவர், அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி திட்டத்தை நடத்துபவரிடம் இழப்பீடு கேட்கலாம்.

கோடையில் எடுத்த வீடியோவாக இருந்தால் தேதியைத் திரையில் போடுங்கள். அக்டோபர், நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அதே சாலை ஓரத்தில் நின்று, அதே முழங்கால் உயரத்தில் இன்னொரு நிமிடம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.