வரிசை கலையாமல் இரட்டை வரிகளை நீக்குவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மூன்று எடைமேடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லோரி ஏறி நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒவ்வொரு மேடையும் வினாடிக்குப் பத்து முறை எடையை அலுவலகக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்து லைன் அடிக்கடி அறுந்துபோகும், "கிடைத்தது" என்ற பதில் வராததால் மேடை அதே வரிகளை மறுபடி அனுப்பும், அதனால் கோப்பு முழுக்க இரட்டை வரிகள். தேதியை விட்டுவிட்டு ஒரு துண்டு மட்டும்:

```
மேடை-2 07:14:03.2 18420
மேடை-1 07:09:51.7 9360
மேடை-2 07:14:03.2 18420
மேடை-1 07:09:51.8 9360
மேடை-2 07:14:03.3 18420
```

மூன்றாவது வரி போக வேண்டும், மற்ற நான்கும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். `uniq` உதவாது, அது பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டுமே ஒப்பிடும். `sort -u` இரட்டையை நீக்கும், ஆனால் மேடை-1 எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடும். சரி, நேரப்படி அடுக்கினால் என்ன? மேடைக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை (மேலேயே பாருங்கள், நான்கு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசம்). வந்து சேர்ந்த வரிசைதான் நம்பத்தக்க ஒரே வரிசை.

பலரும் முதலில் எடுப்பது இதைத்தான்:

```
awk '!seen[$0]++' in.txt > out.txt
```

`$0` என்பது முழு வரி. `seen` ஓர் அட்டவணை, வரியே அதன் சாவி. ஒரு வரி முதல் முறை வரும்போது அதன் எண்ணிக்கை 0, `!` அந்த 0-ஐ "ஆம்" என்று திருப்புகிறது, 0-ஐ எடுத்துக் கொடுத்த பிறகுதான் `++` எண்ணிக்கையை 1 ஆக்குகிறது, வரி அச்சாகிறது. அடுத்த முறை அதே வரி வந்தால் விடை "இல்லை", வரி விழுந்துவிடும். கோப்பை ஒரே தடவை படித்தால் போதும், வரிசையும் கலைவதில்லை. சின்னக் கோப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய கோப்பில்தான் சிக்கல். மூன்று மேடை, வினாடிக்குப் பத்து வரி, 30 நாள் என்றால் ஏறத்தாழ 77.8 மில்லியன் தனி வரிகள். தேதியோடு சேர்த்து வரிக்கு 43 பைட் (தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎப்-8இல் 3 பைட், 'மேடை' மட்டும் 12), ஆக இரட்டைகள் போகவே 3.3 ஜிபி. `seen` இதை அத்தனையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு சாவிக்கும் சுட்டிகளும் கணக்குத் தகவலும் வேறு, வரிக்கு நூறு பைட்டைச் சுலபமாகத் தாண்டும். 8 ஜிபி கணினி திணறிவிடும். `top` திறந்தால் RES நெடுவரிசை ஏறிக்கொண்டே போவது தெரியும், பிறகு வேகம் படுத்துவிடும், சில சமயம் `Killed` என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை நின்றுவிடும்.

அப்போது நினைவகத்தை விட்டுவிட்டு வட்டைப் பயன்படுத்த வேண்டும்:

```
export LC_ALL=C TMPDIR=/data/tmp
cat -n in.txt | sort -t $'\t' -k2 -s -u -S 2G |
  sort -n -k1,1 | cut -f2- > out.txt
```

முதலில் `cat -n` ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதன் எண்ணை ஒட்டுகிறது. நம் ஐந்து வரியில் 1, 3 இரண்டும் ஒரே உள்ளடக்கம். முதல் `sort` எண்ணைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை வைத்து அடுக்குவதால் இரண்டும் பக்கத்தில் வந்துவிடும், `-s` இருப்பதால் 1 முன்னால் நிற்கும், `-u` முதலில் நிற்பதை வைத்துக்கொண்டு 3-ஐத் தள்ளிவிடும். மீதி 2, 4, 1, 5 என்று கிடக்கும். இரண்டாவது `sort` அதை 1, 2, 4, 5 ஆக்குகிறது, `cut` எண்களைக் கழற்றுகிறது. உள்ளே `sort` கோப்பைத் துண்டு துண்டாக அடுக்கி, தற்காலிகக் கோப்புகளாக எழுதி, கடைசியில் இணைக்கிறது, அதனால் 2 ஜிபியே போதும். இரண்டு `sort`-உம் ஒரே நேரத்தில் தற்காலிகக் கோப்பு வைத்திருப்பதால் கோப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் மட்டும் வட்டில் வேண்டும், `TMPDIR` அதற்குத்தான். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் முடியும்.

`LC_ALL=C` முக்கியம். அது இல்லாவிட்டால் சில மொழி அமைப்புகளில் வெவ்வேறு வரிகள்கூடச் சமம் என்று கருதப்படலாம், `-u` அவற்றைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். அது இருந்தால் பைட்டுக்குப் பைட் ஒப்பீடு.

அந்தக் கறார்த்தனத்தின் மறுபக்கம், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் வரிகள் நீங்காமல் நிற்பது. பெரும்பாலும் விண்டோஸ் கணினி வரிக் கடைசியில் சேர்த்த ஓர் எழுத்துதான் காரணம், `cat -A` போட்டால் `^M$` என்று தெரியும், `tr -d '\r'` போட்டு நீக்கலாம். தமிழில் இன்னொன்று உண்டு: 'கொ' என்பதில் உள்ள குறியை ொ என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், ெ, ா என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. ஓட்டுநர் பெயர்கள் உள்ள கோப்பு என்றால் முதலில் யூனிகோடு என்எப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் மேலே உள்ள கட்டளையை ஓட்டுங்கள்.