கிளிநொச்சியில் திறந்துவிட்ட காஸும் தென்துருவத்து ஓட்டையும்

கிளிநொச்சியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற அண்ணை ஒருவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, முந்தி பழைய பெட்டியளின்ர குழாயை வெட்டி காஸைச் சும்மா வெளியில விட்டனாங்கள். அது அண்டார்டிக்காவில போய் ஓசோனில ஓட்டை போட்டதெண்டுறாங்கள். எங்கட தலைக்கு மேல ஏன் போடேல்லை?"

நியாயமான கேள்வி. பள்ளிப் புத்தகத்தை விட நல்ல கேள்வி என்றும் சொல்வேன்.

முதலில் ஓசோன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. புற ஊதாக் கதிர் பட்டால் ஓசோன் அதை விழுங்கி இரண்டாக உடைகிறது. கழன்ற தனி அணு பக்கத்திலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மறுபடி ஓசோனாகிறது. கதிர் போய்விட்டது, ஓசோன் திரும்பி வந்துவிட்டது, இடையில் மிஞ்சியது கொஞ்சம் வெப்பம். தேயாத கேடயம் இது. ஆனால் மெல்லியது. வானத்தில் பரவிக் கிடக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்தில் ஒன்றாக அடுக்கினால் சுமார் 3 மில்லிமீற்றர்தான் வரும்.

வன்னிக்கு மேலே அது இன்னும் சற்றுக் குறைவு. இது யாரும் போட்ட ஓட்டையல்ல, வெப்பமண்டலம் முழுக்க இயல்பே அப்படித்தான். சித்திரை வருடப்பிறப்பையொட்டி நடுப்பகலில் வயல் வரம்பில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள், நிழல் அடியிலேயே சுருண்டு கிடக்கும். சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. கதிர் அந்த மெல்லிய அடுக்கைச் சரிந்து கடக்காமல் குறுக்கே நேராக வெட்டி இறங்குகிறது.

சரி, காஸுக்கு வருவோம். பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 குளோரீன் கொண்ட சேர்மம். காற்றைவிடப் பாரமானதுதான், ஆனால் காற்று ஓயாமல் கலக்குவதால் அது தரையில் தங்குவதில்லை. மழையில் கரையாது, எதனோடும் வினைபுரியாது. வெப்பமண்டலத்தில் மேலெழும் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல, ஓசோன் அதிகம் கிடக்கும் படைமண்டலத்துக்கு ஏறுகிறது. அங்கே, ஓசோனின் பெரும்பகுதிக்கு மேலே போன பிறகுதான் கடுமையான புற ஊதா அதை உடைத்துக் குளோரீனைப் பிரிக்கிறது.

ஒரு குளோரீன் அணு ஓசோனின் ஒரு ஒட்சிசனைப் பறிக்கும், பிறகு அதை விட்டுவிட்டு அடுத்த ஓசோனிடம் போகும். இப்படி ஆயிரக்கணக்கில் அழிக்கலாம். ஆனாலும் உலகமெங்கும் ஓட்டை விழவில்லை. காரணம், பெரும்பாலான குளோரீன் விரைவிலேயே ஐதரசன் குளோரைட்டாகவோ குளோரீன் நைத்திரேற்றாகவோ மாறி அடங்கிவிடுகிறது. அந்த வடிவில் அது ஓசோனைத் தொடாது.

அண்ணையின் கேள்விக்குப் பதில் இந்தப் பூட்டில்தான் இருக்கிறது. மேலே ஏறிய காற்று பல ஆண்டுகள் அலைந்து துருவங்களில் இறங்குகிறது, பூட்டப்பட்ட குளோரீனும் கூடவே வருகிறது. தென்துருவத்தின் குளிர்கால இருட்டில் காற்று ஒரு பெரும் சுழலாக மூடிக்கொள்ள, வெளிக்காற்று உள்ளே வராது. வெப்பநிலை மறை 78 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வழமையாக வறண்டிருக்கும் படைமண்டலத்திலும் முகில் உண்டாகிறது. அந்த முகில் துகள்களின் மேற்பரப்பில் பூட்டப்பட்ட இரண்டு சேர்மங்களும் சந்தித்துக் குளோரீன் வாயுவை வெளியே விடுகின்றன. இருட்டில் அது சும்மா சேர்ந்துகொண்டிருக்கும். செப்டெம்பரில் சூரியன் திரும்பியதும் அந்த வாயு அணுக்களாக உடைகிறது. ஒக்டோபர் தொடக்கத்துக்குள் 14 முதல் 20 கிலோமீற்றர் உயரத்தில் ஓசோன் கிட்டத்தட்ட துடைத்தெடுத்ததுபோல் ஆகிவிடும். பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய பிரித்தானிய விஞ்ஞானிகள் மூவரும் 1985இல் அறிவித்தது இந்த வசந்தகாலச் சரிவைத்தான்.

விசயம் தெரிந்தவர் இங்கே மடக்கலாம்: வன்னிக்கு மேலேயும் 17 கிலோமீற்றர் உயரத்தில் மறை 80 பாகை அளவுக்குக் குளிர் உண்டே? உண்டு. ஆனால் அங்கிருப்பது கீழிருந்து இப்போதுதான் ஏறிய காற்று. அதில் ஆர்-12 இன்னும் பெரும்பாலும் உடையாமலே இருக்கிறது. குளிர் இருக்கிறது, கழற்ற வேண்டிய குளோரீன் இல்லை.

வடதுருவத்தில் குளோரீன் இருக்கிறது, குளிர்தான் நிலைப்பதில்லை. இமயம் போன்ற மலைகளும், நிலமும் கடலும் மாறி மாறி வருவதும் எழுப்பும் அலைகள் அங்குள்ள சுழலைக் குலைத்து வெப்பத்தை உள்ளே கொண்டுவருகின்றன. 2011, 2020 போலச் சுழல் அசையாமல் நின்ற ஆண்டுகளில் மட்டும் அங்கும் ஓசோன் பெரிதாகக் குறைந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணை, "அப்ப நான் விட்ட காஸ் இப்ப எங்க?" என்றார். ஆர்-12 காற்றில் சராசரியாக 100 ஆண்டுகள் அளவில் நிலைக்கும். இப்படியான காஸுகளைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை 1987இல் கைச்சாத்தானாலும் தென்துருவ ஓட்டை ஆற 2066 வாக்கில்தான் ஆகும் என்று கணிப்பதற்கு முக்கிய காரணம் அதுதான். அவர் விட்டதில் பெரும்பகுதி இன்னும் உடையாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.