‘இருக்கட்டும்’ என்றால் வேண்டாம்: சப்ளையர்களுக்குப் பரிந்துரைக்கக் கற்றுக்கொடுப்பது

குடும்பத்தோடு வந்து ஏ.சி. ஹாலில் உட்கார்ந்ததும் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் "மினரல் வாட்டரா சார்?" என்ற கேள்விதான். சில இடங்களில் கேள்வியே கிடையாது, பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் மட்டும் கேட்கும். சாதாரணத் தண்ணீரும் உண்டு என்று யாரும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, கூட வந்தவர்கள் முன்னால் அப்படிக் கேட்கப் பலருக்குக் கூச்சம். விற்பனை என்னவோ நடந்துவிடுகிறது. ஆனால் அந்த மேசை அதன்பின் சப்ளையர் சொல்லும் எதையும் சந்தேகத்தோடுதான் கேட்கும். "இன்னைக்குப் பால் பாயசம் நல்லா இருக்கு" என்று அவர் உண்மையாகவே சொன்னாலும் எடுபடாது.

அதனால் பயிற்சியைத் தண்ணீரிலிருந்தே தொடங்குவது நல்லது. "சாதா தண்ணியா, பாட்டிலா சார்?" என்று இரண்டையும் ஒரே குரலில், சாதாவை முதலில் வைத்துச் சொல்ல வேண்டும். பாட்டில் விற்பனை கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவை முதலாளி ஏற்கவில்லை என்றால் மற்ற பயிற்சியெல்லாம் வெறும் பேச்சு.

அடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியது நம் ஊர் மறுப்பைப் புரிந்துகொள்வது. நம்மவர்கள் முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்பது குறைவு. "பார்த்துக்கலாம்", "இப்போதைக்கு இது போதும்", "அப்புறம் சொல்றோம்" எல்லாமே மறுப்புதான். இவற்றில் சிக்கலானது "இருக்கட்டும்". "சூப் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டதற்கு "இருக்கட்டும்பா" என்று பதில் வந்தால், ‘விடு’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘வரட்டும்’ என்றும் பொருள் கொள்ளலாம். விற்பனை இலக்கு தலைக்கு மேல் தொங்கும் சப்ளையர் இரண்டாவதை எடுத்துக்கொள்வார். தெளிவாகச் ‘சரி’ என்று வராத எதுவும் மறுப்பு என்பதே விதியாக இருக்க வேண்டும். ஆர்டரை முழுவதுமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு கிச்சனுக்கு அனுப்பினால் மிச்சக் குழப்பமும் தீரும்.

பழக்குவதற்கு மூன்று பேர் போதும். ஒருவர் சப்ளையர், ஒருவர் வாடிக்கையாளர், மூன்றாமவர் பக்கத்தில் நின்று கவனிப்பவர். வாடிக்கையாளராக நடிப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக மறுக்க வேண்டும்: ஒருமுறை "பார்த்துக்கலாம்", ஒருமுறை மௌனம், ஒருமுறை மனைவியைப் பார்த்து ஒரு பார்வை. கவனிப்பவர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மறுப்பு வந்தபின் சப்ளையர் அதே பொருளை இன்னொரு முறை எடுத்தாரா? காலை ஷிஃப்டுக்கு முன் பத்து நிமிடம் இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். பரிந்துரைக்கப் போகும் பண்டத்தைச் சப்ளையர் அன்று ருசி பார்த்திருக்கவும் வேண்டும். சாப்பிடாத பாயசத்தைப் புகழும் குரல் வாடிக்கையாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன், பாட்டி. பாட்டிக்கு இரண்டு இட்லி. மற்றவர்களுக்கு ஆறு பட்டர் நான், ஒரு பனீர் பட்டர் மசாலா, ஒரு வெஜ் ஃப்ரைடு ரைஸ். வழக்கமான சப்ளையர் இங்கே "ஸ்டார்ட்டர் ஏதாவது சார்? கோபி 65, மஷ்ரூம் மஞ்சூரியன், பேபி கார்ன்..." என்று ஒப்பிப்பார். பட்டியல் நீள நீள, கேட்பவர் காதை மூடிக்கொள்வார்.

ஆர்டரையே கவனித்தால் சொல்ல வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிண்ணம் கிரேவி மூன்று நானுக்குச் சரியாக வரும், நாலுக்கு இழுத்துப் பிடிக்கலாம், ஆறுக்குப் போதாது. அதே சமயம் ஃப்ரைடு ரைஸ் ஒரு தட்டு இருவருக்குக் காணும். எனவே நேர்மையான பரிந்துரை இப்படி இருக்கும்: "ரைஸ் கொஞ்சம் நிறைய இருக்கும் சார், நான் நாலு போதும்னு தோணுது. ஆறே வேணும்னா ஒரு கிரேவி பத்தாது, தால் ஒண்ணு சேத்துக்கலாம், 160 ரூபாய். இல்லைன்னா முதல்ல சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

இதில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. குறைக்கவும் வழி சொன்னதால் நம்பிக்கை வருகிறது. விலை வாயால் சொல்லப்படுவதால் பில்லில் அதிர்ச்சி இல்லை (மெனு விலைக்கு மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் இடத்தில் தால் 168 ரூபாய் ஆகும்). ‘அப்புறம்’ என்ற வழி திறந்திருப்பதால் மறுப்பது எளிதாகிறது. ஆனால் அந்த ‘அப்புறம்’ உண்மையாக இருக்க வேண்டும். தால் வர எட்டு, பத்து நிமிடம் ஆகும் என்றால், இரண்டு நான் மிச்சம் இருக்கும்போதே சப்ளையர் திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். கிரேவி தீர்ந்தபின் வந்தால் நான் ஆறிப்போய்விடும், தாலும் வீண்.

இந்த மேசையில் செய்யக்கூடாதவையும் உண்டு. பையனைப் பார்த்து "தம்பி, ஐஸ்கிரீம் வேணுமா?" என்று கேட்பது பெற்றோரின் கையை முறுக்குவது. கேட்பதென்றால் ஆர்டர் சொல்பவரிடம் கேட்க வேண்டும், பையன் கவனிக்காத நேரமாகப் பார்த்து. "ஒரு கிரேவி போதுமா சார்?" என்று இழுப்பது கணக்கு சொல்வதல்ல, கஞ்சத்தனம் என்று குத்திக்காட்டுவது. கேட்காமல் அப்பளம் வைத்து அதைப் பில்லில் ஏற்றுவது இன்னொன்று. இணைய விற்பனையில் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், மறுப்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த தந்திரங்களில் சேர்த்தது. சாப்பாட்டு மேசையில் அதே இரண்டும் அப்பளமாகவும் குரல் தொனியாகவும் வருகின்றன. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

நேரம் தெரிந்து கேட்பது பாதி வேலை. கையால் சாப்பிடும் ஊரில் கை கழுவ எழுவதுதான் எல்லைக்கோடு. இனிப்போ தயிர் சாதமோ சொல்வதென்றால் அவர்கள் எழுவதற்கு முன். கழுவிவிட்டு வந்தவரிடம் குலாப் ஜாமூன் என்றால் எரிச்சல்தான் வரும், ஆனால் காபிக்கு அதுவே சரியான நேரம். அதுவும் ஒருமுறைதான், எச்சில் தட்டுகளை எடுத்தபின்.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் ஊக்கத்தொகையில். ‘இன்று அதிக ஐஸ்கிரீம் விற்றவருக்கு 200 ரூபாய்’ என்று அறிவித்தால் அன்று மாலை எல்லா மேசையிலும் குழந்தைகள்தான் குறியாவார்கள். தொகை கொடுப்பதானால் ஹால் முழுவதற்கும் பொதுவாகக் கொடுத்து, எந்தப் பண்டத்தையும் குறிப்பிடாமல் விடலாம். நாள் முடிவில் சூப்பர்வைசர் எண்ண வேண்டியது வேறு: பரிந்துரைத்து வாங்கியதில் எத்தனை பாதிக்கு மேல் மிச்சமாகித் திரும்பின, பில் வந்தபின் ‘இதை நாங்க கேக்கலையே’ என்று எத்தனை மேசை சொன்னது. ஏதாவது ஒரு பண்டத்துக்குப் பத்து மேசையில் ஒன்பது ‘சரி’ என்று வருகிறது என்றால் மகிழ வேண்டாம், போய் விசாரிக்க வேண்டும். அது இலவசம் என்று நினைத்துத் தலையாட்டியிருப்பார்கள். பரிந்துரைத்த தால் பாதிக் கிண்ணம் திரும்பி வந்தால், அந்தச் சப்ளையருக்கு மறுநாள் காலை சொல்ல வேண்டியது, ஆறு நானுக்கு எவ்வளவு கிரேவி போகும் என்ற கணக்கு.