அரைநாளுக்கு ஒருமுறை உறைந்துபோகும் போர்டு

இந்த ஆண்டில் இது நான்காவது. போர்டை மேசையில் வைத்துவிட்டு அந்த இளைஞர் சொன்னார்: "சார், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை அப்படியே நின்றுவிடுகிறது. ரீசெட் செய்தால் சரியாகிறது. பவர் சப்ளை கோளாறு என்று நினைத்து கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டோம்." கெப்பாசிட்டருக்கே இரண்டு வாரம் போயிருக்கிறது. வெரிலாக் கோடைத் திறந்து பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. தனி ஆசிலேட்டர் உள்ள வேறொரு போர்டிலிருந்து ஒரு சிக்னல் வருகிறது. அதை ஒரே ஒரு ஃபிளிப்ஃப்ளாப்பில் பிடித்து, நேராக ஸ்டேட் மெஷினுக்குள் விட்டிருக்கிறார்கள்.

"டைமிங் ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புகூட இல்லையே, சார்?"

இருக்காதுதான். எந்தக் கிளாக்கிலிருந்து எந்தக் கிளாக்குக்கு என்று தெரிந்தால்தான் டூல் கணக்குப் போடும். வெளியிலிருந்து தன் இஷ்டத்துக்கு வரும் சிக்னலைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், அந்தப் பாதையை அது சரிபார்ப்பதே இல்லை. பரீட்சை எழுதாதவனின் பெயர் ஃபெயிலானவர்கள் பட்டியலில் எப்படி இருக்கும்?

கிளாக் விளிம்புக்கு முன்பு டேட்டா அசையாமல் இருக்கவேண்டிய நேரம் செட்டப் டைம். பின்பு அசையாமல் இருக்கவேண்டிய நேரம் ஹோல்டு டைம். இது எல்லோருக்கும் மனப்பாடம். ஒரே கிளாக்கில் ஓடும் சுற்றுக்குள் இவை மீறப்பட்டால் அது டிசைன் பிழை, திருத்திவிடலாம். (ஹோல்டு மீறலைச் சரிசெய்யக் கிளாக்கைக் குறைக்கிறேன் என்று யாரும் வராதீர்கள். ஹோல்டு கணக்கு ஒரே விளிம்பைச் சுற்றி நடப்பது. கிளாக்கை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் மாறாது. பாதையில் தாமதம்தான் சேர்க்கவேண்டும்.) ஆனால் வெளியிலிருந்து வரும் சிக்னலுக்கு உங்கள் கிளாக் எப்போது அடிக்கும் என்றே தெரியாது. அது என்றாவது ஒருநாள் மீறியே தீரும்.

சரி, மீறினால் என்ன ஆகும்? இங்கேதான் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "பழைய மதிப்போ புதிய மதிப்போ வரும். அடுத்த கிளாக்கில் சரியாகிவிடும்." எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது இதைக் கேட்கும்போதுதான். கடைசியில் பழையதோ புதியதோ ஒன்று வரும் என்பது உண்மை. எப்போது வரும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. கிளாக் அடித்து இவ்வளவு நேரத்துக்குள் வெளியீடு வந்துவிடும் என்று டேட்டாஷீட் தரும் வாக்குறுதி, நீங்கள் செட்டப்பையும் ஹோல்டையும் மதித்தால் மட்டுமே செல்லும். மதிக்காவிட்டால் வெளியீடு தாமதமாகலாம். எவ்வளவு தாமதம் என்பதற்கு மேல்வரம்பு கிடையாது.

காரணம் ஃபிளிப்ஃப்ளாப்பின் உள்ளேயே இருக்கிறது. ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீடாகச் சுற்றிக் கட்டிய இரண்டு இன்வெர்ட்டர்கள் அங்கே உண்டு. 0 பக்கமும் 1 பக்கமும் சாயாத ஒரு நடுப்புள்ளி அவற்றுக்கு இருக்கிறது. டேட்டா மாறிக்கொண்டிருக்கும் அதே நொடியில் கிளாக் அடித்தால், அந்த நடுப்புள்ளிக்கு அருகில் அவை மாட்டிக்கொள்ளலாம். இதுதான் மெட்டாஸ்டேபிள் நிலை. நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கு ஏற்ற வேகத்தில்தான் அந்த விலகல் வளரும். τ என்ற நேரத்துக்கு ஒருமுறை அது 2.7 மடங்காகும். 1 மில்லிவோல்ட் விலகலில் தொடங்கியதை விட, 1 மைக்ரோவோல்ட்டில் தொடங்கியது முடிவெடுக்க ஏறக்குறைய 7 τ கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நடுப்புள்ளிக்கு இன்னும் நெருக்கமாக விழுந்தால் இன்னும் தாமதம்.

அந்தத் தாமதம்தான் இந்த போர்டைக் கொன்றது. ஸ்டேட் மெஷின் ஒன்-ஹாட் வகை. எப்போதும் ஒரு பிட் மட்டுமே 1. தாமதமாக மாறிய சிக்னல் இரண்டு ஸ்டேட் பிட்களுக்கு வெவ்வேறு லாஜிக் வழியே போகிறது. ஒரு பிட் அதை 1 என்று பார்த்து, "வேலை முடிந்தது" என்று தன்னை அணைத்துக்கொண்டது. மற்றது 0 என்று பார்த்து, "இன்னும் என் முறை வரவில்லை" என்று சும்மா இருந்துவிட்டது. எல்லா பிட்டும் 0. அந்த நிலையிலிருந்து வெளியேற வழி எழுதப்படவில்லை. ரீசெட் பட்டன்தான் கதி.

அரைநாள் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இரண்டு தோல்விகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம்தான் MTBF. tr என்பது தெளிவதற்குக் கிடைக்கும் நேரம். பொதுவான சூத்திரம் இது:

```
MTBF = e^(tr/τ) / (Tw × fclk × fdata)
```

கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்று 10 நானோ வினாடி. சிக்னல் வினாடிக்கு 10 லட்சம் முறை மாறுகிறது. Tw, τ இரண்டையும் 0.1 நானோ வினாடி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். (Tw என்பது டேட்டாஷீட்டின் செட்டப், ஹோல்டு இரண்டையும் கூட்டிய தொகை அல்ல, கிளாக் விளிம்பை ஒட்டிய ஆபத்தான சன்னல்.) 10-இல் 0.1 என்றால் நூற்றில் ஒன்று. ஆக, வினாடிக்கு 10,000 முறை ஆபத்தான சன்னலில் விழுகிறது. பெரும்பாலானவை உடனே தெளிந்துவிடும். இந்த டிசைனில் ஃபிளிப்ஃப்ளாப்புக்குப் பின் வரும் லாஜிக்கும் மற்றவையும் 8 நானோ வினாடியைத் தின்றுவிட்டன. தெளிவதற்கு மீதி 2, அதாவது 20 τ. அதற்குள் தெளியாதது சுமார் 48.5 கோடியில் ஒன்று. 10,000-ஆல் வகுத்தால் 48,500 வினாடி, கிட்டத்தட்ட பதின்மூன்றரை மணி நேரம்!

இதே கணக்கில் 1 நானோ வினாடி மட்டும் மீதமிருந்தால் 2 வினாடிக்கு ஒருமுறை நிற்கும். 4 மீதமிருந்தால் 7 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு நானோ வினாடிக்கும் 22,000 மடங்கு வித்தியாசம். வெப்பமும் மின்னழுத்தமும் மாறினால் τ-வும் மாறும். "எங்கள் லேபில் நன்றாக ஓடியதே" என்பதற்கு அர்த்தம் புரிகிறதா?

மருந்து மிக எளிது. இன்னொரு ஃபிளிப்ஃப்ளாப், நடுவில் எந்த லாஜிக்கும் இல்லாமல்.

```verilog
(* ASYNC_REG = "TRUE" *) reg s1, s2;
always @(posedge clk) begin
  s1 <= async_in;
  s2 <= s1;
end
```

இப்போது தெளிய ஏறக்குறைய 9 நானோ வினாடி கிடைக்கிறது. தோல்விகளுக்கு இடைப்பட்ட காலம் பிரபஞ்சத்தின் வயதைத் தாண்டிவிடும். அப்போதும் பூஜ்யம் ஆகாது; சாத்தியம்தான் அவ்வளவு சிறிதாகிறது. `s1`-ஐ வேறு எங்கும் தொடாதீர்கள், தயவுசெய்து. `s2`-ஐ மட்டும் பயன்படுத்துங்கள். முதல் வரியை அலங்காரம் என்று அழிக்கவும் வேண்டாம். விவாடோ டூல் அதைப் பார்த்துத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். எங்கோ ஒரு மூலையில் ஒன்று, மறுமூலையில் ஒன்று என்று போனால், வயரிலேயே நேரம் கரைந்துவிடும்.

அப்புறம், 8 பிட் எண் ஒன்றைக் கொண்டுவர இதையே எட்டுமுறை காப்பி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் கடைசி நான்கு பிட் 0111-இலிருந்து 1000-க்குத் தாவும்போது சில பிட் இந்தச் சுற்றில் வரும், சில அடுத்த சுற்றில் வரும். நடுவில் 1111 என்று யாரும் அனுப்பாத எண் வந்து நிற்கும். கவுன்ட்டர் என்றால் ஒரு தடவைக்கு ஒரு பிட் மட்டும் மாறும் கிரே கோடில் அனுப்புங்கள். மற்ற டேட்டாவுக்கு அசின்க்ரனஸ் ஃபைஃபோ போடுங்கள்.

இதை சிமுலேஷனில் தேடாதீர்கள். சாதாரண ஆர்டிஎல் சிமுலேஷனில் ஃபிளிப்ஃப்ளாப் தயங்கவே தயங்காது. அடையாளம் வேறு: நிற்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். கிளாக்கைக் கொஞ்சம் குறைத்தால் காணாமல் போகும். சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு வரி மாற்றி மறுபடி கம்பைல் செய்தாலும் போகும், ஏனென்றால் பிளேஸ்மென்ட் மாறி மீதி நேரமும் மாறிவிடுகிறது. இந்த இளைஞரும் பிழையைப் பிடிக்க உள்ளே ஒரு லாஜிக் அனலைசரைச் சேர்த்திருக்கிறார். மூன்று நாள் போர்டு நிற்கவே இல்லை. சரியாகிவிட்டது என்று அதை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை திரும்பி வந்துவிட்டது.