பிரேத பரிசோதனை அறிக்கையைச் சுருக்கும்போது: டொக்டர் கண்டது எது, கருதியது எது

கொலை வழக்குக் கோவை ஒன்று கைக்கு வந்தால் நம்மில் பலர் பிரேத பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போய், மரணத்துக்கான காரணம் என்று எழுதியிருக்கிற இரண்டு வரியைச் சுருக்கக் குறிப்பில் ஏற்றிவிட்டு அடுத்த ஆவணத்துக்குப் போய்விடுகிறோம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நான் பார்த்த கோவைகளில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த இரண்டு வரி சட்ட வைத்திய அதிகாரியின் கருத்து. அவர் கண்ணால் கண்டதெல்லாம் அதற்கு முன்னுள்ள பக்கங்களில் இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை.

ஒரு கோவையை எடுத்துக்கொள்வோம். ஆட்களையும் ஊரையும் தெரியாதபடி இரண்டு மூன்று வழக்குகளைக் கலந்து அமைத்திருக்கிறேன், மருத்துவ விடயங்கள் அப்படியேதான். களுவாஞ்சிகுடிக்கு அப்பால் ஒரு ஊரில் இரவு பத்து மணிபோல மதகடியில் வாய்த்தர்க்கம், ஒருவர் பொல்லால் அடிக்கிறார், மற்றவர் விழுகிறார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், தலையில் சத்திரசிகிச்சை நடக்கிறது, ஆறாம் நாள் இறந்துபோகிறார். கண்கண்ட சாட்சி பொலிஸில், “தலையிலே பொல்லால் அடித்தான், அவர் மல்லாக்க விழுந்தார்” என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். எதிரிக்காக நாம் ஆஜராகிறோம். கனிஷ்ட சட்டத்தரணி தம்பி எழுதிக்கொண்டு வந்த சுருக்கம் இது: “இறந்தவர் பொல்லால் தாக்கப்பட்டதால் தலையில் ஏற்பட்ட காயங்களினால் நியுமோனியா உண்டாகி இறந்துள்ளார் என வைத்தியர் கூறுகிறார்.”

“டொக்டரே பொல்லு எண்டு எழுதியிருக்கார்தானே சேர்?” என்று கேட்டார். எழுதியிருக்கிறார்தான், ஆனால் எங்கே எழுதியிருக்கிறார் என்பதுதான் கேள்வி. அறிக்கையின் முன்பகுதியில், சம்பவ வரலாறு என்ற கட்டத்தில், தெரிந்த நபர் ஒருவரால் பொல்லால் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது என்று இருக்கிறது. பொலிஸும் உறவினரும் சொன்னதை டொக்டர் குறித்து வைத்தது அது. அவர் கண்டதும் இல்லை, அவருடைய கருத்தும் இல்லை. பொலிஸ் சொன்ன கதை டொக்டரின் கடதாசி வழியாகத் திரும்பி வந்து மருத்துவச் சான்று போல உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சுருக்கத்தில் இதற்கு எப்போதும் தனி இடம் கொடுத்து, யார் சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

சரி, அவர் கண்டவை என்ன? வெளிக்காயங்கள் நான்கு. முதலாவது, இடது மேற்கையின் வெளிப்புறத்தில் 11 சென்ரிமீற்றர் நீளத்தில் மஞ்சள் படிந்து மங்கிய ஒரு கண்டல். இரண்டாவது, வலது முழங்கையின் பின்புறத்தில் சிறிய உராய்வுக் காயம். மூன்றாவது, பின்மண்டையின் வலப்பக்கத்தில் தையல் போட்ட 4 சென்ரிமீற்றர் கிழிவுக் காயம், அதன் கீழே மண்டையோட்டில் கோடுபோன்ற ஒரு வெடிப்பு. நான்காவது, இடது நெற்றியிலிருந்து காதுப்பக்கம் வளைந்து போகும் 15 சென்ரிமீற்றர் நீளத் தையல், உள்ளே மண்டையோட்டில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. மண்டைக்குள்ளே இடப்பக்க முன்மூளையின் அடிப்பகுதியிலும் பக்கமூளையின் நுனியிலும் கண்டல்கள். பின்மண்டைக் காயத்துக்கு நேர் கீழே மூளையில் கண்டல் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு நுரையீரலின் கீழ்ப்பகுதிகளும் இறுகி, வெட்டினால் சீழ் வருகிறது.

நான்காவது காயத்தைப் பாருங்கள். அளவில் அதுதான் பெரிது, ஆனால் அது சத்திரசிகிச்சை நிபுணர் மண்டையைத் திறந்த இடம். “தலையில் இரண்டு காயங்கள், ஒன்று 15 சென்ரிமீற்றர்” என்று சுருக்கத்தில் எழுதி, அதை அரச சட்டவாதியும் கவனிக்காமல் விட்டால், இரண்டு தரம் தலையில் அடித்த கதை ஒன்று அங்கேயே பிறந்துவிடும். இன்னொன்று, மூளையின் வெளியுறைக்குக் கீழே இருந்த இரத்தக்கட்டைப் பிரேத பரிசோதனை செய்தவர் கண்டிருக்க மாட்டார், சத்திரசிகிச்சையில் அதை அகற்றிவிட்டார்கள். அது இருந்தது என்பதற்கு ஆதாரம், ஆஸ்பத்திரியில் நோயாளியின் சிகிச்சை விபரங்களை எழுதி வைக்கும் பெட் ஹெட் டிக்கெட்டில் உள்ள சத்திரசிகிச்சைக் குறிப்பு. ஆகவே சுருக்கத்தில் இரத்தக்கட்டைச் சேர்க்கும்போது, எழுதியவர் வேறு ஆள், ஆவணமும் வேறு என்பது தெரிய வேண்டும். அந்த டிக்கெட் கோவையில் இல்லையென்றால் கேட்டு எடுங்கள்.

முதலாவது காயத்திலும் இதே சங்கதிதான். ஆறு நாளில் கண்டல் நிறம் மாறி மங்கிவிடும். ஆனால் அவர் அனுமதிக்கப்பட்ட மறுநாள் காலை வார்ட்டில் அவரை உயிரோடு பார்த்த சட்ட வைத்திய அதிகாரியின் மருத்துவ சட்ட அறிக்கையில், அதே இடத்தில் நடுவே வெளிறி, இரண்டு பக்கமும் சமாந்தரமாக ஓடும் சிவப்புக் கோடுகள் என்று இருக்கிறது. உருளைத் தடியால் பட்ட அடி உடம்பில் பதிகிற வடிவம் அது. பொல்லுக்கு உடம்பிலிருக்கிற ஒரே தடயம் மேற்கையில், பிரேத பரிசோதனை அறிக்கையில் அந்த வடிவமே இல்லை. இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்காதவருக்கு இது பிடிபடாது.

இப்போது கருத்துகளுக்கு வருவோம். மேற்கைக் காயம் தடி போன்ற மொட்டையான பொருளால் ஏற்பட்டிருக்கலாம், பின்மண்டைக் காயமும் உள்ளே உள்ள மூளைக் கண்டல்களும் பின்புறமாகக் கடினமான தளத்தில் விழுந்ததோடு ஒத்துப்போகின்றன என்கிறார். இதற்கு அடிப்படை அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. அசையாமல் இருக்கும் தலையில் வெளியிலிருந்து அடி விழுந்தால் மூளைக் கண்டல் பெரும்பாலும் அடிபட்ட இடத்துக்கு நேர் கீழே வரும். வேகமாக நகரும் தலை நிலத்தில் மோதினால் எதிர்ப்பக்கத்தில் வரும், பின்மண்டை மோதியவர்களுக்கு முன்மூளையிலும் பக்கமூளை நுனியிலும். இங்கே வலது பின்புறம் மோதியிருக்கிறது, கண்டல் இடது முன்புறத்தில். காயத்துக்கு நேர் கீழே ஒன்றும் இல்லை என்ற அந்த வரிதான் இந்தக் கருத்தின் முதுகெலும்பு. தம்பியின் சுருக்கத்தில் அது இல்லை, ஏனென்றால் “இல்லை” என்று எழுதியிருப்பதை யாரும் சுருக்கத்தில் சேர்ப்பதில்லை. டொக்டர் தேடிப் பார்த்து இல்லை என்பதும், அறிக்கையில் அதைப்பற்றிப் பேச்சே இல்லாததும் ஒன்றல்ல, இரண்டையும் பிரித்துக் குறியுங்கள். சாட்சிகள் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை உள்ளே விடுகிறது, 51ஆம் பிரிவு அந்தக் கருத்துக்கான காரணங்களையும் தொடர்புள்ளவை என்கிறது. ஆகவே கருத்தை எழுதும்போது அது எந்தக் காணலில் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் குறுக்கு விசாரணைக்கு நம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எதிரித் தரப்பில் இருக்கிறோம் என்பதற்காகக் கருத்தை நீட்டவும் கூடாது. விழுந்தது என்பது வரைதான் டொக்டர் போகிறார். தானாக விழுந்தாரா, தள்ளினார்களா, கையில் அடிபட்டுத் தடுமாறி விழுந்தாரா, வெறியில் விழுந்தாரா என்று அவர் சொல்லவில்லை, உடலைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அப்புறம் வெறி விடயம்: பிரேத பரிசோதனையில் மதுவாடை இல்லை என்றிருப்பதை எடுத்து அன்று அவர் குடித்திருக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த உடம்பில் அந்த இரவின் மது எப்படி இருக்கும்? அதற்கு அனுமதித்த நேரத்துக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் மரணத்துக்கான காரணம் படிப்படியாக எழுதப்பட்டிருக்கும். இங்கே 1(அ) நியுமோனியா, 1(ஆ) மொட்டையான அதிர்ச்சியால் மண்டைக்கும் மூளைக்கும் ஏற்பட்ட காயங்கள். மேல் வரி உடனடிக் காரணம், கீழ் வரி அதற்கு வழிவகுத்த மூல காரணம். நுரையீரலில் சீழ் இருந்தது காணல், அதுவே மரணத்தை முடித்தது என்பது கருத்து, அந்தச் சீழ் தலைக்காயத்தால் நினைவின்றிக் கிடந்ததால் வந்தது என்பது இன்னொரு கருத்து. மேல் வரியை மட்டும் எடுத்து “நியுமோனியாவில்தான் செத்தார், கொலையே இல்லை” என்று கட்சிக்காரரின் வீட்டாருக்கு நம்பிக்கை கொடுக்கிறவர்கள் உண்டு. தண்டனைச் சட்டக்கோவை 293ஆம் பிரிவின் விளக்கமொன்று, தக்க சிகிச்சையால் மரணத்தைத் தடுத்திருக்கலாம் என்றாலும் காயம் விளைவித்தவரே மரணத்தை விளைவித்தவராகக் கொள்ளப்படுவார் என்கிறது. நியுமோனியாவைப் பிடித்துத் தொங்குவதில் அவ்வளவு பலன் கிடையாது.

நமக்குப் பலன் இருப்பது வேறு வரியில். இயற்கையின் சாதாரண போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானது என்ற வகைப்படுத்தலை டொக்டர் மூன்றாவது காயத்துக்கும் அதன் உள்விளைவுகளுக்கும் மட்டுமே கொடுத்திருக்கிறார், முதலாவது காயம் பாரதூரமற்றது என்கிறார். 294ஆம் பிரிவின் மூன்றாம் வகையில் வழக்குத் தொடுநர் கொலையை நிரூபிக்க வேண்டுமானால், மரணத்துக்குப் போதுமான அந்தக் காயத்தையே எதிரி விளைவிக்க எண்ணினார் என்று காட்ட வேண்டும். பொல்லு பட்டது முதலாவது காயத்தில், மரணம் வந்தது மூன்றாவதில். “காயங்கள் மரணத்துக்குப் போதுமானவை” என்று மொத்தமாகச் சுருக்கினால் இந்த இடைவெளியே மூடிப்போகும். அதனால்தான் காய எண்களை நம் வசதிக்கு மாற்றி எழுதாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தம்பி பிறகு திருத்தி எழுதியதில் ஒரு துண்டு: “காயம் 3 (பக்கம் 2): வலது பின்மண்டையில் தையலிட்ட கிழிவு, 4 செ.மீ., கீழே மண்டையோட்டு வெடிப்பு. நேர் கீழே மூளையில் கண்டல் இல்லை. இடது முன்மூளையிலும் பக்கமூளையிலும் உண்டு (பக்கம் 4). கருத்து (பக்கம் 6): பின்புறமாக விழுந்ததோடு ஒத்துப்போகிறது, மரணத்துக்குப் போதுமானது. விழுந்த காரணம் பற்றிக் கருத்து இல்லை. தலையில் பொல்லடி: வரலாற்றுக் கட்டத்திலும் சாட்சி 1இன் வாக்குமூலத்திலும் மட்டும்.” அழகான வசனம் இல்லைதான், வழக்காட இதுதான் உதவும்.

அறிக்கையின் திகதியையும் மறக்காதீர்கள். திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு முதலில் போகிற சிறு படிவத்தில் காரணம் ஒத்திவைக்கப்பட்டிருக்கலாம், இழையப் பரிசோதனையும் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்த பின்னர் முழு அறிக்கை வரும். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் ‘பி’ அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் முதல் படிவத்திலிருந்து எடுத்தது. இரண்டிலும் காரணம் வேறுபட்டால் இரண்டையும் திகதியோடு எழுதிவிட்டு, இடையில் என்ன புதிய காணல் வந்தது என்று தேடுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் டொக்டர் கூண்டில் ஏறும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.