வீடு மாறியாச்சு, ஆதாரில் மாறலை: எதை முதலில் திருத்துவது?

ஊர் மாறியதும் பெரும்பாலானவர்கள் முதலில் வங்கிக்குத்தான் போகிறார்கள். அங்கே "புது முகவரியோட ஆதார் கொண்டு வாங்க" என்பார்கள். ஆதார் மையத்துக்குப் போனால், "புது முகவரி போட்ட பாஸ்புக் இருக்கா?" என்று கேட்பார்கள். இரண்டு கவுன்டருக்கும் நடுவில் அரைநாள் சம்பளத்தை இழந்து நிற்பவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஆதாரை முதலில் திருத்துங்கள், அடுத்து வங்கி, கடைசியில் பான்.

மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு வாடகை வீட்டுக்கு வந்த ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. கேஸ் இணைப்பு இன்னும் மதுரையில்தான் இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே சான்று வாடகை ஒப்பந்தம். அது கணவன் பெயரில் மட்டும் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

ஆதாருக்குக் கொடுக்கும் சான்று யார் முகவரி மாறுகிறதோ அவர் பெயரில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் கரண்ட் பில்லைக் கொண்டுபோய்க் கெஞ்சிப் பயனில்லை. அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். "ஒப்பந்தமெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். சாவி வாங்கிய பிறகு பேச்சு எடுபடாது.

ஒப்பந்தம் கையில் இருந்தால் myaadhaar.uidai.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 75 ரூபாய். நிராகரித்தால் அந்தப் பணம் திரும்பி வராது என்பதால் ஸ்கேன் செய்வதில் அவசரம் வேண்டாம். பலர் முத்திரைத்தாளின் முதல் பக்கத்தை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டு முகவரி இரண்டாம் பக்கத்தில் இருக்கும், கையெழுத்துகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எல்லாப் பக்கங்களையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுங்கள். தட்டச்சு செய்யும் முகவரியும் ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். கதவு எண் ஒன்றில் 12/4, இன்னொன்றில் 12-A என்று இருந்தால் அதைச் சாக்காக வைத்தே திருப்பிவிடலாம். உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டும். ஆகவே ஆதாரில் இணைத்த பழைய சிம்மை, புது ஊர் வந்தாச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மனைவி பெயர் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அவருக்குத் தனியாகச் சான்று தேடி அலைய வேண்டாம். அதே தளத்தில் குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. 18 வயது முடிந்த யாரும் இதற்குக் குடும்பத் தலைவர் ஆகலாம். மனைவி விண்ணப்பித்து, கணவனின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவைக் காட்டும் ஆவணத்தை ஏற்ற வேண்டும். அப்புறம் கணவனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். அவர் 30 நாளுக்குள் தளத்தில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். விளம்பரக் குறுஞ்செய்தி என்று நினைத்து விட்டுவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகும், கட்டணமும் போகும். இதில் இன்னொரு பொறி: கணவனின் ஆதாரில் என்ன முகவரி இருக்கிறதோ அதுதான் மனைவிக்கும் வரும். கணவனுடையது மாறும் முன்பே மனைவி விண்ணப்பித்தால் பழைய மதுரை முகவரிதான் ஏறும். முதலில் அவருடையது மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆதார் மாறிவிட்டால் வங்கியிலும் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். மாறாது. ஆவணம் மாறிய 30 நாளுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டியது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது.

வங்கியில் முதலில் கேட்கும் வசனம், "உங்க ஹோம் பிராஞ்சுக்குப் போங்க" என்பது. முகவரி மட்டும் மாறியிருந்தால் அதற்காக மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. பதிவு செய்த மின்னஞ்சல், மொபைல் எண், வங்கியின் ஆப், தபால் ஆகியவை வழியாகவே புது முகவரியை அறிவிக்கலாம் என்று அதே விதிகள் இடம் தருகின்றன. அப்படி அறிவித்த முகவரியை வங்கி இரண்டு மாதத்துக்குள் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு கடிதம் வரும், அல்லது ஆள் வருவார். பகலில் வீடு பூட்டியிருந்து கடிதம் திரும்பிப் போனால் முகவரி உறுதியாகாது. பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், வாசலில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

நேரில் போய்ப் படிவம் கொடுத்தால், தேதி போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். கே.ஒய்.சி. புதுப்பிப்பு ஆவணங்களுக்கு ஒப்புகை தர வேண்டும் என்பதும் விதிதான். "சிஸ்டம்ல போட்டுடுவோம் சார்" என்பது ஒப்புகை ஆகாது. மூன்று மாதம் கழித்துக் கணக்கு முடங்கும்போது, நீங்கள் கொடுத்ததற்குச் சாட்சி அந்தத் துண்டுத்தாள்தான்.

படிவத்தில் நிரந்தர முகவரி, தொடர்பு முகவரி என்று இரண்டு இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டால் புது ஏ.டி.எம். கார்டு பழைய வீட்டுக்கே போகலாம். கூட்டுக் கணக்கு என்றால் ஒருவர் மாற்றியது மற்றவருக்குப் பொருந்தாது, இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் வங்கி அசையவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. அங்கேயும் அந்த ரசீதுதான் கைகொடுக்கும்.

பான் பக்கம் வேலை குறைவு, ஏமாற்று அதிகம். பான் கார்டில் முகவரி அச்சாவதே இல்லை. அதனால் ஊர் மாறியதற்காகப் புது கார்டு அச்சிட வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் சொன்னால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். ஆதார் ஓ.டி.பி. வழியாகப் பான் பதிவில் முகவரியை மாற்றும் வசதி, பான் வழங்கும் புரோட்டியன், யு.டி.ஐ. தளங்களில் இலவசமாகவே இருக்கிறது. ஆதாரிலும் பானிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் அது தடுக்கும், முதலில் பெயரைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஊர் மாறிவிட்டது என்று புதிய பானுக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். ஒருவரிடம் இரண்டு பான் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம்.

பான் பதிவு மாறியதும் incometax.gov.in தளத்தில் உங்கள் சுயவிவரத்தைத் திறந்து, அங்கே இருக்கும் முகவரி, மின்னஞ்சல், மொபைல் மூன்றையும் பாருங்கள். பழைய கம்பெனி மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டவர்களுக்கு வரித்துறை நோட்டீஸ் அந்த மூடிய பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும். பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பிவிட்டால் துறையைப் பொறுத்தவரை அது சேர்ந்தாகிவிட்டது. பதிலளிக்கக் கொடுத்த நாள்களும் ஓடத் தொடங்கிவிடும்.