மதிப்பெண் பற்றிப் பேசப் பெற்றோர் வருகிறார்களா? முதலில் விடைத்தாளை எடுங்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தப் பருவத்திலும் ஒரு வகுப்பாசிரியர், மதிப்பெண்ணை ஒத்துக்கொள்ளாத ஒரு பெற்றோரைச் சந்திக்கக் கையில் ஒரு பட்டியலோடு வந்தார். பையன் எத்தனை நாள் தாமதமாக வந்தான், எத்தனை முறை வீட்டுப்பாடம் தரவில்லை, வகுப்பில் யாரோடு பேசிக்கொண்டே இருக்கிறான் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். விடைத்தாள் மட்டும் இல்லை. "அது அலமாரியில இருக்கு, தேவைப்பட்டா எடுத்துட்டு வரேன்" என்றார்.

துறைத் தலைவர் என்கிற முறையில் இந்த மாதிரிச் சந்திப்புகளில் நான் கூட உட்காருவதுண்டு. கேட்கிற கேள்வி ஒன்று, சொல்கிற பதில் வேறு என்று ஆகிவிடுவதை அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அம்மாவோ அப்பாவோ கேட்பது, "இந்தக் கட்டுரைக்கு ஏன் 14?" அதற்குப் பதில் அந்தக் கட்டுரையில்தான் இருக்கும். பையன் தாமதமாக வருவதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுங்கள். இந்தச் சந்திப்பில் அதை எடுத்தால், கேட்பவர் காதில் "உங்கள் பிள்ளை மேல் எனக்குக் கோபம், அதனால் மதிப்பெண் குறைந்தது" என்றுதான் விழும். அப்படி நடக்கவே இல்லை என்றாலும் அந்தச் சந்தேகத்தை நாமே விதைத்தவர்களாகிறோம். சில சமயம் உண்மையிலேயே அப்படி நடந்தும் இருக்கும். பிள்ளையைப் பற்றி மனதில் இருக்கும் எண்ணம் திருத்தும் பேனாவுக்குள் இறங்குவதை நாம் கவனிப்பதில்லை.

இன்னொரு எண்ணம்தான் என்னை அதிகம் படுத்துகிறது: "நான் போட்ட மதிப்பெண் சரி, அதைக் காப்பாற்றத்தான் இந்தச் சந்திப்பு." அது சரிதானா என்பது இன்னும் சரிபார்க்கப்படவே இல்லையே! கட்டுரை வகை விடைகளில் ஒரே தாளுக்கு இரண்டு பேர் ஒரே மதிப்பெண் போடுவது அரிது. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கில விடைத்தாள்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 பேர் திருத்தினார்கள். ஒரே தாளுக்கு நூற்றுக்கு 64-இலிருந்து 98 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாதபடி, அடுத்த ஆண்டு ஒரு வடிவியல் விடைத்தாளை அனுப்பினார்கள். அதற்கு 28-இலிருந்து 95 வரை வந்தது. இன்று நம் கையில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அளவுகோல் இருக்கிறது, அதனால் இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் காணாமல் போய்விடவில்லை. அதிலும் தாள் கட்டில் முதல் பத்தைத் திருத்தும் கையும் கடைசிப் பத்தைத் திருத்தும் கையும் ஒன்றல்ல என்பது திருத்தியவர்களுக்கெல்லாம் தெரியும்.

இதைச் சொன்னால் உடனே, "அப்போ கேட்கிறவங்களுக்கெல்லாம் கூட்டிப் போடணுமா?" என்கிறார்கள். இல்லை. சரிபார்ப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. சரிபார்த்த பிறகு 14 என்பது 14-ஆகவே நிற்கலாம். அப்போது உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும், உரக்கப் பேச வேண்டிய தேவையே வராது.

எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு, அண்மையில் எங்கள் துறையில் நன்றாக நடந்த ஒரு தயாரிப்பைச் சொல்கிறேன். வகுப்பாசிரியரே மொழிப்பாடமும் எடுக்கிறார். "விடுமுறை நாட்களிலும் பள்ளி நூலகம் திறந்திருக்க வேண்டுமா? ஒரு நிலைப்பாடு எடுத்து, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லி எழுதுக" என்பது கேள்வி. மொத்தம் 25: வாதத்துக்கு 8, ஆதாரத்துக்கு 7, அமைப்புக்கு 5, மொழிக்கு 5. ஒரு மாணவிக்குக் கிடைத்தது 4, 3, 3, 4, ஆக 14. நான்கு பக்கம் எழுதிய மகளுக்கு 14, இரண்டே பக்கம் எழுதிய தோழிக்கு 18 என்பது அப்பாவின் குறை.

ஆசிரியர் முதலில் கூட்டலைப் பார்த்தார். சிரிக்காதீர்கள், கூட்டல் தவறும் விடுபட்ட பக்கமும் நாம் நினைப்பதைவிட அதிகம். அப்படி இருந்தால் சந்திப்பே தேவையில்லை, அன்றைக்கே திருத்திச் சொல்லிவிடலாம். கூட்டல் சரியாக இருந்தது. அப்புறம் தாளை நகலெடுத்து, பெயரையும் சிவப்பு மை எழுத்துகளையும் வெள்ளைத் தாளால் மறைத்து மறுபடி நகலெடுத்தார். அதே வகுப்பிலிருந்து 13 வாங்கிய ஒரு தாளையும் 16 வாங்கிய ஒரு தாளையும் அதே மாதிரி செய்தார். மூன்றையும் அளவுகோலோடு இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்தார். எந்தத் தாளில் பிரச்சினை, ஏற்கெனவே என்ன மதிப்பெண் என்று எதுவும் சொல்லவில்லை. இந்தப் படி ரொம்ப முக்கியம். "இதுக்கு 14 போட்டேன், அப்பா சண்டைக்கு வரார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கொடுத்தால் திரும்பி வருவது 14-ஐ ஒட்டித்தான் வரும். ஒற்றைத் தாளாகக் கொடுத்தாலும் இதுதான் சிக்கல் தாள் என்று தெரிந்துவிடும். பக்கத்து மதிப்பெண் தாள்கள் கூட இருந்தால்தான் எது எதற்கு மேலே, எது எதற்குக் கீழே என்பதும் தெரியும்.

இரண்டாவது ஆசிரியர் 15 போட்டார். மற்ற இரண்டும் மாறவில்லை. வித்தியாசம் வாதத்தில் மட்டும்தான்: இவர் 4, அவர் 5. இப்போது இருவரும் உட்கார்ந்து அளவுகோலின் வரியைப் படித்தார்கள். 3-4 என்றால் "நிலைப்பாடு உண்டு, எதிர்வாதம் இல்லை." 5-6 என்றால் "எதிர்வாதம் சொல்லப்பட்டிருக்கிறது, பதில் முழுமையாக இல்லை." மாணவி மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரே வரி எழுதியிருந்தாள்: "நூலகருக்கு விடுமுறை நாளிலும் சம்பளம் தர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள்." அவ்வளவுதான், பதில் எழுதவில்லை, மறுபடி நூலகத்தின் பயன்களுக்குப் போய்விட்டாள். நான்கு பக்கப் பயன்களுக்கு நடுவே அந்த ஒரு வரி முதல் வாசிப்பில் தப்பிவிட்டது. ஆகவே வாதத்துக்கு 5, மொத்தம் 15. ஆறோ ஏழோ கிடையாது, ஏனென்றால் பதில் இல்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அந்த ஆசிரியர் வாதத்துக்கு 4 வாங்கிய மற்றத் தாள்களையும் எடுத்து, அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி படித்தார். இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி ஒற்றை வரியில் எதிர்வாதத்தைத் தொட்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஒவ்வொன்று கூடியது. அவர்கள் வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை. கேட்டவர் பிள்ளைக்கு மட்டும் கூட்டினால், பள்ளிக்கு வந்து பேச நேரமோ தைரியமோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளை நாம் ஏமாற்றுகிறோம். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

இன்னொன்றையும் பாருங்கள், நாமே ஓரத்தில் எழுதியதை. அந்தத் தாளில் மூன்று இடத்தில் "அருமையான கருத்து!" என்று இருந்தது. எதிர்வாதம் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா அந்த மூன்றையும் காட்டி, "நீங்களே அருமைன்னு எழுதியிருக்கீங்களே" என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்பது நியாயம். பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் மதிப்பெண் எங்கே போனது என்பதும் அதே தாளில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அளவுகோலைப் பிள்ளைகளுக்கு எழுதும் முன்பே கொடுத்தீர்களா என்பதையும் சந்திப்புக்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் உங்கள் நிலை பலவீனம்தான். அதை அங்கே மறைக்கப் பார்க்காதீர்கள்.

"தோழிக்கு எப்படி 18?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இன்னொரு பிள்ளையின் தாளைக் காட்டாதீர்கள், அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம், பெயரை மறைத்துக் காட்டினாலும் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்வாதத்தைச் சொல்லி அதற்குப் பதிலும் தரும் ஒரு பத்தியை நீங்களே எழுதித் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். "வாதத்துக்கு 7 வாங்கும் பத்தி இப்படி இருக்கும்" என்று மகளின் அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் வைத்தால், பக்கக் கணக்கு தானாகவே பேச்சிலிருந்து விலகிவிடும். அந்த அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அவ பதில் சொல்லாம விட்டுட்டா" என்று தானே சொன்னார்.

சந்திப்பு நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கேள்வி, எந்தப் பகுதி என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள். மேல்வகுப்புப் பிள்ளை என்றால் பிள்ளையும் கூட இருக்கட்டும், வீட்டில் சொன்ன கதைக்கும் தாளுக்கும் இடைவெளி இருந்தால் அது நீங்கள் சுட்டிக்காட்டாமலே தெரியும். புதிதாக ஏதாவது காட்டினால் மேசையிலேயே முடிவு சொல்லாதீர்கள். "பார்த்துவிட்டு இந்தத் தேதிக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள். கண்ணீரைப் பார்த்தோ குரல் உயர்ந்ததாலோ ஒரு மதிப்பெண் கூட நகரக் கூடாது. "இதைக் கேட்டதால் உங்கள் பிள்ளைக்கு இங்கே எந்தக் குறையும் வராது" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல பெற்றோர் அந்தப் பயத்தை அடக்கிக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறார்கள், அதனால்தான் சிலர் முதல் வாக்கியத்திலேயே கத்துகிறார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. "ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினாள்" என்பது உண்மையாகவே இருக்கும், எங்களுக்கும் அது புரிகிறது. ஆனால் எங்களால் மதிப்பெண் போட முடிவது தாளில் இருப்பதற்குத்தான். கேள்வியையும் அளவுகோலையும் வீட்டில் ஒரு முறை சேர்த்துப் படித்துவிட்டு, எந்தப் பகுதியில் சந்தேகம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாம் பேசி முடிந்ததும் என்ன முடிவு, ஏன் என்று நாலு வரியில் எழுதி அன்றைக்கே பெற்றோருக்கு அனுப்புங்கள், ஒரு நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும். மதிப்பெண் மாறியிருந்தால் பதிவேட்டில் திருத்தும் முன் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த வரிக்காகக் கூடியது, எந்த வரி இல்லாததால் அதற்கு மேல் கூடவில்லை என்று தாளைக் காட்டிச் சொல்லுங்கள். மதிப்பெண் கூடிய மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே.